மூன்று டிகிரி

அக்னி நட்சத்திரம் பிறந்து ஒரு வாரம் ஆகிறது. மதுரையில் அந்த ஓட்டலின் பின்கட்டில், மாவு ஆட்டும் அறையின் சுவர் இரவு ஏழு மணிக்கும் தொட்டால் சுடுகிறது. உள்ளே இரண்டு சாய்வு கிரைண்டர்கள். சின்னது உளுந்துக்கு, பெரியது அரிசிக்கு. மூலையில் ஒரு குழாய், அதன் கீழே சிமெண்டுத் தொட்டி. அரிசி மூட்டைகள் அடுக்கிய பலகையின் ஓரத்தில் எனக்கு உட்கார இடம் கொடுத்திருக்கிறார்கள். வேலை நடக்கும்போது வாய் திறக்கக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை.

மாவு மாஸ்டருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். மடித்துக் கட்டிய லுங்கி, முழங்கை வரை சுருட்டிய சட்டை. மற்றவர்கள் பேனா செருகும் இடத்தில் அவர் ஒரு தெர்மாமீட்டரைச் செருகியிருக்கிறார். வட்டத் தலையும் நீண்ட எஃகு ஊசியுமாக இருக்கிறது அது. உதவிக்கு ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருவன். தமிழைச் சமையற்கட்டிலேயே கற்றுக்கொண்டவன் என்பது பேச்சில் தெரிகிறது. அவனுக்குத் தண்ணீர் என்றால் குடிக்கிற தண்ணீர், ஆட்டுகிற தண்ணீர், கழுவுகிற தண்ணீர் என்று மூன்று.

இன்றைய கணக்கு 40 கிலோ இட்லி அரிசி, 8 கிலோ உளுந்து. வீட்டில் நாலுக்கு ஒன்று போடுவார்கள், இங்கே ஐந்துக்கு ஒன்று. உளுந்து இந்த வருடத்துச் சரக்கு என்பதால் இது போதும். மூட்டை பழசாகிவிட்டால் அதே எட்டுக் கிலோ இவ்வளவு பொங்காது. அப்போது மாஸ்டர் அரைக்கிலோ, முக்கால் கிலோ கூட்டுவார். எல்லாம் ஆட்டி முடித்தால் 108 கிலோ அளவுக்கு மாவு தேறும். ஒரு இட்லிக்கு 55 கிராம் என்று வைத்தால் இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

அவர் முதலில் அரிசி ஊறும் அண்டாவின் மேல் குனிந்து மோந்து பார்க்கிறார். மதியம் இரண்டு மணிக்கு ஊறப்போட்டது. தண்ணீரின் ஓரத்தில் மெல்லிய நுரை வளையம் கட்டத் தொடங்கியிருக்கிறது. இந்த வெயிலில் ஊறும் தண்ணீரிலேயே புளிப்பு ஆரம்பித்துவிடும். அந்தத் தண்ணீரை ஆட்டுவதற்கு ஊற்றினால், கிரைண்டரில் விழும்போதே மாவுக்கு இரண்டு மணி நேர வயசு ஏறியிருக்கும்.

“கொட்டிரு. ரெண்டு தண்ணி கழுவு.”

“சரிண்ணா.”

பையன் அண்டாவைச் சாய்க்கிறான். வடிகிற தண்ணீர் கலங்கலாக, லேசான கஞ்சி வாடையோடு போகிறது. இரண்டாவது கழுவலில் வாடை இல்லை.

உளுந்து ஊறியது ஒன்றரை மணி நேரம்தான், அதுவும் ஃப்ரிட்ஜுக்குள். முழு உளுந்து, தோல் நீக்கியது. ஒவ்வொரு ஈட்டுக்கும் ஒரு பிடி வெந்தயம் அதனோடு ஊறியிருக்கிறது. முதல் ஈடு 4 கிலோ. ஊறிய பிறகு அதுவே எட்டுக் கிலோவுக்கு மேல் நிற்கும். ஆட்டும்போது இன்னும் ஆறு லிட்டர் தண்ணீர் குடிக்கும். அந்த ஆறில் ஒன்றரைக் கிலோ ஐஸ். குடிக்கிற தண்ணீரை எவர்சில்வர் தூக்குகளில் ஊற்றி இவர்களே உறையவைத்தது. மீன் கடைக்குப் போகும் ஐஸ் பார் இந்த அறைக்குள் வரக் கூடாது என்பது மாஸ்டரின் சட்டம்.

கல் சுழலத் தொடங்குகிறது. பையன் ஐஸை உலக்கையால் நொறுக்கி ஒரு கை போடுகிறான், நாலு சுற்று விட்டு இன்னொரு கை. மாஸ்டர் ஓரங்களில் ஒட்டியதை வழித்து நடுவுக்குத் தள்ளுகிறார். முதல் பத்து நிமிடத்தில் அது வெறும் பருப்பு விழுது. இருபதாவது நிமிடத்தில் நிறம் வெளுக்கிறது. முப்பதில் கல்லைச் சுற்றி மேடாக எழும்பி, பளபளவென்று இழுபடுகிறது. அவர் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, மாவில் கோலி அளவு உருட்டிப் போடுகிறார். மிதக்கிறது. போதாது என்பதுபோல் தலையசைத்து இன்னும் ஐந்து நிமிடம் ஓடவிடுகிறார். மிதப்பது உள்ளே காற்று ஏறியதைக் காட்டும். அந்தக் காற்றையும் பிறகு வரும் வாயுவையும் பிடித்து வைக்கிற வழவழப்பு உளுந்தில் முழுதாக வெளியே வர இன்னும் கொஞ்சம் கல் படவேண்டும்.

நிறுத்தியதும் சட்டைப் பையிலிருந்து ஊசி இறங்குகிறது. 26 டிகிரி. அவர் எதுவும் சொல்லவில்லை. பையன் சிரிக்கிறான்.

ஐஸ் செய்த வேலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ ஐஸ் உருகுவதற்கு எடுத்துக்கொள்ளும் வெப்பம், 80 கிலோ தண்ணீரை ஒரு டிகிரி குளிர்விக்கப் போதும். ஒரு ஈட்டு உளுந்து மாவு 14 கிலோ. அதில் ஒரு கிலோ ஐஸ் கரைந்தாலே ஏழெட்டு டிகிரி இறங்கிவிடும். கல் உரசுவதால் ஏறும் சூட்டை அது அப்படியே தின்றுவிடுகிறது. வெறும் குளிர்ந்த தண்ணீருக்கு இவ்வளவு வலு கிடையாது.

பக்கத்தில் பெரிய கிரைண்டரில் அரிசி ஓடுகிறது, ஈட்டுக்குப் பத்துக் கிலோ. அரிசிக்கு ஐஸ் தேவைப்படவில்லை, ஃப்ரிட்ஜ் தண்ணீர் மட்டும். அது நுரைக்க வேண்டிய பொருள் அல்ல. மாஸ்டர் இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்து, சன்ன ரவைப் பதத்தில் நிறுத்துகிறார். இட்லிக்கு அந்த நெருநெருப்பு வேண்டும். நைசாக ஆட்டிவிட்டால் இட்லி ரப்பராகும். பெரிய ரவையாக விட்டுவிட்டால் வாளி அடியில் போய் உட்காரும்.

எட்டு மணிக்கு இரண்டாவது ஈட்டு உளுந்து விழுந்தது. பையன் ஃப்ரீசரைத் திறந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றான்.

“அண்ணா, ஐஸ் இல்ல. தண்ணி.”

மதியம் மின்சாரம் போய், மூன்று மணி நேரம் கழித்து வந்திருக்கிறது. முதல் ஈட்டுக்கு எடுத்தது அடியில் இருந்த கட்டி. மற்ற தூக்குகளில் இருந்தது முக்காலும் உருகிப்போன ஐஸ். மாஸ்டர் தூக்கை வாங்கி ஆட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு சில்லு மோதும் சத்தம் கேட்டது. ஊறிய உளுந்தைத் திரும்ப எடுத்து வைக்க முடியாது, காலையில் அதற்கு வேறு வாடை வந்துவிடும். வெளியே ஐஸ் வாங்குவதில்லை. “ஓட்டு” என்றார்.

முதல் ஈட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் கால் மணி நேரத்திலேயே கண்ணுக்குத் தெரிந்தது. மாவு எழும்பவில்லை. கல்லோடு ஒட்டிக்கொண்டு சுற்றியது. வழித்துவிட்டால் நுரையாக விழாமல் பசைபோல நீண்டு விழுந்தது. மாஸ்டர் தண்ணீரைக் கூட்டவில்லை. கூட்டினால் கல் இளகி ஓடும், ஆனால் மாவு நீர்த்துப்போய் வாயுவைப் பிடிக்காது. இரண்டு முறை கிரைண்டரை நிறுத்தி, ஐந்தைந்து நிமிடம் ஆறவிட்டு ஓட்டினார். முடிந்ததும் ஊசி இறங்கியது. 35.

இங்கேதான் அந்த மனிதரின் கை தெரிந்தது. பெரிய கிரைண்டரில் அரிசி இரண்டு ஈடு முடிந்து மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த வேண்டிய பதம் வந்தும் அவர் நிறுத்தவில்லை. மேலும் பத்து நிமிடம் ஓடவிட்டார். விரலில் தேய்த்தால் ரவை தட்டுப்படாத அளவுக்கு நைசாகிவிட்டது.

“இதுவும் அடுத்ததும் தோசைக்கு. இட்லிக்கு மொதோ ஈடு மட்டும்.”

சூடாக ஆட்டுப்பட்ட உளுந்தை இட்லிக்கு வைத்தால் காலையில் தட்டையாக, பிசுபிசுப்பாக வரும். தோசைக்கு அந்தக் குறை பெரிதில்லை. தோசை மாவை எப்படியும் கரண்டியால் கலக்கி, தண்ணீர் விட்டு இளக்கி, கல்லில் இழுக்கப் போகிறார்கள். நுரை உடைந்தால் உடையட்டும். கொஞ்சம் புளிப்பு கூடினாலும் தோசை தாங்கும். உளுந்தில் நடந்த பிழையை அரிசியின் பதத்தை மாற்றி வேறு பலகாரத்துக்குத் திருப்பிவிட்டார். மூன்றாவது ஈட்டு அரிசி ரவையாகவே இறங்கியிருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கும்.

கலக்கும் வேலை ஒன்பதே காலுக்கு முடிந்தது. ஒவ்வொரு பாதிக்கும் அரைக்கிலோ கல் உப்பு. இட்லி மாவுக்கு உப்பை இரவிலேயே போட்டுவிடுகிறார்கள். காலையில் போட்டால் கலக்க வேண்டி வரும், கலக்கினால் எழும்பியது அமுங்கும். இரண்டு பாதியிலும் மறுபடி ஊசி. முதல் பாதி 30 டிகிரிக்கு ஒரு முடி குறைவு. இரண்டாவது 33க்கு ஒரு முடி குறைவு. உளுந்தில் இருந்த ஒன்பது டிகிரி வித்தியாசம், அதிகமாக இருக்கும் அரிசி மாவோடு கலந்ததில் மூன்றாகச் சுருங்கியிருக்கிறது.

மூன்று டிகிரி என்றால் சின்னது என்று தோன்றும். மாஸ்டர் சுவரில் தொங்கும் நாட்காட்டியின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினார். முதல் பாதிக்கு நாலே கால். இரண்டாவதற்கு மூணு. அடுப்பு ஏறுவது நாலரைக்கு. அவர் எப்போதும் அடுப்பு நேரத்திலிருந்து பின்னோக்கித்தான் எண்ணுகிறார். இந்த மாதத்தில் 30 டிகிரி மாவுக்கு ஏழு மணி நேரம். மார்கழியில் அதே மாவுக்குப் பதினொன்று, பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். அப்போதெல்லாம் மாலை ஐந்துக்குள் ஆட்டி முடித்து, முந்தின நாள் மாவில் ஒரு கரண்டியைச் சேர்த்து மூட்டிவிடுவார். கோடையில் அந்தக் கரண்டிக்கு இடமில்லை. இப்போது அவர் தேடித் தேடி அழிப்பதே அந்தப் பழைய மாவைத்தான். கல்லின் அடியில், அது அச்சில் உட்காரும் இடுக்கில், நேற்றைய மாவு நகக்கண் அளவு இருந்தாலும் பிரஷ்ஷை விட்டுத் தோண்டி, கொதிக்கும் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்.

மாவைப் பெரிய அண்டாவில் வைக்கவில்லை. இருபது லிட்டர் வாளிகள் பன்னிரண்டு, ஒவ்வொன்றிலும் ஒன்பது கிலோ. பாதிக்குக் கீழே நிற்கிறது, மேலே எழும்ப இடம். சுவரோரம் ஒன்றோடொன்று ஒட்டாமல், கை நுழையும் இடைவெளி விட்டு வைக்கிறான் பையன். வாளியின் வெளிப்புறத்தில் மாவின் மட்டத்துக்கு நேராக ஒரு ஒட்டுத்துணிக் கோடு.

நூறு கிலோ மாவை ஒரே அண்டாவில் வைத்தால் நடுவில் இருப்பதற்கு அறையின் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. எழும்பிய மாவு முழுக்கக் காற்றுக் குமிழி, உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே விடாது. கனம் இரண்டு மடங்கானால் நடு ஆறுவதற்கு நாலு மடங்கு நேரம் ஆகும். அப்படி அண்டாவோடு ஃப்ரிட்ஜில் தள்ளிய மாவை மறுநாள் எடுத்தால் ஓரத்தில் சில்லென்று, சரியான புளிப்போடு இருக்கும். நடுவில் கரண்டி விட்டால் மூக்கைத் துளைக்கும். ஃப்ரிட்ஜுக்குள் வைத்தும் மாவு புளித்துவிட்டது என்று ஓட்டல்களில் கேட்கிற புலம்பலில் பாதி இந்த நடுப்பகுதியின் வேலை.

இரண்டாவது பாதியின் ஆறு வாளிகள் சுவரோரம் போகவில்லை. சிமெண்டுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதற்குள் நிறுத்தப்பட்டன. மூடியில் கரித்துண்டால் ‘தோ’ என்று எழுதியாயிற்று.

“தண்ணி சூடானா மாத்து. பன்னெண்டு மணிக்கு ஒருக்க.”

இரவில் பார்ப்பதற்கு அதிகம் இல்லை. ஆனால் வாளிக்குள் வேலை நடக்கிறது. உளுந்தோடும் அரிசியோடும் வந்த நுண்ணுயிர்கள்தான் இந்த வேலைக்காரர்கள், வெளியிலிருந்து யாரும் வரவேண்டியதில்லை. லூக்கோனாஸ்டாக் என்ற வகை முன்னால் கிளம்பி, அமிலத்தையும் கரியமில வாயுவையும் சேர்த்தே விடுகிறது. மாவு எழும்புவது பெரும்பாலும் அதன் புண்ணியம். பின்னாலேயே வருகிற மற்ற லாக்டிக் வகைகளில் பலவும் அமிலத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போகின்றன. சூடு முப்பதை ஒட்டி இருக்கும்வரை எழும்புவதும் புளிப்பதும் கைகோத்துப் போகும். முப்பத்தைந்தைத் தாண்டினால் புளிப்பு முந்திக்கொள்கிறது. பொங்கி முடிவதற்குள் நாக்கு சுருங்கும் அளவுக்குப் புளித்துவிடும்.

பன்னிரண்டுக்குப் பையன் தொட்டித் தண்ணீரை மாற்றினான். இரண்டரைக்கு மாஸ்டர் எழுந்து வந்து ‘தோ’ வாளி ஒன்றைத் திறந்தார். மாவு கோட்டுக்கு மேல் நாலு விரல் ஏறியிருந்தது. மேற்பரப்பு வழவழவென்று உப்பி, அங்கங்கே கடுகளவு துளைகள். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். “இன்னும் அரை மணி.” தொட்டித் தண்ணீர் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கிறது என்றாலும் நாட்காட்டியில் எழுதிய மூணு மணி தப்பவில்லை.

மூன்றுக்கு அதே வாளியில் துளைகள் பெரிதாகி, நடு லேசாகப் பள்ளம் விழத் தயாராக இருந்தது. உச்சத்தைத் தொட்ட மாவு அப்படித்தான் காட்டும். இதற்கு மேல் விட்டால் நடு அமுங்கும், ஓரத்தில் ஏறியிருந்த மட்டம் மட்டும் வாளியில் வளையமாகத் தங்கும், அடியில் தண்ணீர் பிரியும். இருவரும் ஆறு வாளியையும் அகலத் தட்டுகளில் மூன்று விரற்கடை உயரத்துக்கு ஊற்றி ஃப்ரிட்ஜில் அடுக்கினார்கள். தட்டுக்கும் தட்டுக்கும் இடையில் காற்றோட இடம். தட்டில் ஊற்றிய மாவு எழும்பின கணக்கை இழந்துவிடும். தோசைக்குத்தான் என்பதால் கவலையில்லை.

நாலேகாலுக்கு இட்லி வாளிகள். இவை கோட்டுக்கு மேல் அதே அளவு வந்திருந்தன. துளைகள் சின்னது, மேடு குலையவில்லை. மாஸ்டர் கலக்கவில்லை. மேலிருந்து கரண்டியை வளைத்து அள்ளி நேராகத் தட்டுக் குழியில் விட்டார். மாவு கரண்டியிலிருந்து ஒழுகாமல் பொத்தென்று விழுந்தது. கரண்டி பட்ட இடத்தில் வாளிக்குள் வலைவலையாகக் குமிழிகள் தெரிந்தன. அடிமாவு கனமாக இருக்கும் என்பதால் ஒரு வாளியின் கடைசி இரண்டு கரண்டியை எடுத்துத் தோசைத் தட்டில் சேர்த்துவிடுகிறார்கள்.

முதல் ஈடு வெந்து இறங்கியதும் மாஸ்டர் ஒரு இட்லியை இரண்டாகப் பிட்டார். உள்ளே துளைகள் ஒரே சீராக இருந்தன. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து திரும்ப எழுந்தது. இலேசான புளிப்பு வாசனை, நாக்கில் அதற்கும் குறைவு. பையனுக்கு ஒரு பாதியை நீட்டினார். இன்னொரு பாதி எனக்கு.

ஆறு மணிக்குத் தோசைக்கல் சூடேறியது. தோசை மாஸ்டர் ஃப்ரிட்ஜிலிருந்து முதல் தட்டை எடுத்து, தண்ணீர் விட்டு, ஒரு சிட்டிகை சர்க்கரையும் போட்டுக் கலக்கினார். புளிப்பு ஏறிய மாவில் நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்றுவிட்டிருக்கும். அமிலமும் கூடியிருப்பதால் கல்லில் நிறம் பிடிக்கத் தயங்கும். சிட்டிகை சர்க்கரை அந்தக் குறையைத் தீர்க்கிறது. முதல் தோசை பொன்னிறத்தில் சுருண்டு வந்தது. அது ஐஸ் தீர்ந்துபோன ஈட்டிலிருந்து வந்தது என்று சாப்பிட்டவர் யாருக்கும் தெரிய வழியில்லை.

இந்த மாவு நாளை காலை வரை தோசைக்குத் தாங்கும். அதிலும் மீந்து நாக்கில் உறைத்தால் வெங்காய ஊத்தப்பம். வெங்காயமும் பச்சைமிளகாயும் எண்ணெயும் அந்தப் புளிப்பை ஏற்கும். அதையும் தாண்டினால் குழிப்பணியாரத்துக்கு ஒரு பங்கு, மிச்சம் சாக்கடைக்கு. சமையல் சோடாவைத் தூவிப் புளிப்பைக் கொன்று இட்லியாக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இங்கே சோடா டப்பா கண்ணில் படவில்லை. சோடா அமிலத்தைக் குறைத்து இட்லியை உப்பவைக்கும், ஆனால் உடைந்துபோன உளுந்தின் பிடிப்பைத் திருப்பித் தராது. மஞ்சளடித்த நிறமும் சோப்பு வாடையும் மிச்சமாகும்.

எட்டு மணிக்குக் கூட்டம் ஏறியபோது மாஸ்டர் கைகழுவிக்கொண்டு ஃப்ரீசருக்குப் போனார். பையனைத் தூக்குகளில் தண்ணீர் நிரப்பச் சொன்னார். நேற்று நாலு தூக்கு, இன்றைக்கு ஆறு. இரண்டு தூக்கை மேல்தட்டில் வைக்காமல் அடியில் வைக்கச் சொன்னார். அடியில் இருந்ததுதான் உருகாமல் கிடந்தது.

புளித்த மாவை யாராலும் திருப்ப முடியாது. அது பொங்கி முடியும் நேரம் முன்னால் போகிறதா பின்னால் வருகிறதா என்பதை மட்டும்தான் மனிதக் கையால் தீர்மானிக்க முடியும். அது தீர்மானமாவது கிரைண்டருக்குள், முதல் அரை மணி நேரத்தில். ஓட்டலில் கோடை முழுக்க இட்லி புளிக்கிறது என்று அரிசிக் கடையையும் ஆட்டுகிற ஆளையும் மாற்றிக்கொண்டிருப்பவர்கள், இன்றைக்கு ஆட்டி முடித்தவுடன் மாவின் சூட்டை ஒரு முறை அளந்து பாருங்கள். கிரைண்டரிலிருந்து இறங்கும் உளுந்து மாவு முப்பதுக்கு மேல் காட்டினால், குறை அரிசியில் இல்லை, ஐஸில்.